நால்வர் குழுவுக்கு நிலையான மேசை: வாடகை, முன்னறிவிப்பு விவரம் வேண்டி

வணக்கம்.

பீளமேட்டில் உள்ள உங்கள் பகிர்வு அலுவலகத்தில் எங்கள் நால்வர் குழுவுக்கு நிலையான மேசைகள் வேண்டும். திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். தினமும் இடம் மாறி உட்காருவது எங்களுக்கு ஒத்துவராது. மேசைகள் அருகருகே, பூட்டும் இழுப்பறையோடு இருக்க வேண்டும்.

ஒரு மேசைக்கு மாத வாடகை எவ்வளவு? 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் அடங்குமா? கூட்ட அறைக்குத் தனிக் கட்டணமா?

வெளியேறும் விதிகள்தான் எங்களுக்கு முக்கியம். 30 நாள் முன்னறிவிப்பு என்றால் சம்மதம். மூன்று மாதம் என்றால் சிறு குழுவால் தாங்க முடியாது. முன்பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? ஒருவர் விலகினால் ஒரு மேசையை மட்டும் ஒப்படைக்கலாமா? இவற்றை எழுத்தில் தெரிவியுங்கள். சனிக்கிழமை காலை இடத்தைப் பார்க்க வருகிறோம்.

அன்புடன்,
செந்தில்