மேல்விஷாரம் டேனரி பாய்க்கு, பில் பாக்கிக்கு அவகாசம் கேட்டு

பேரணாம்பட்டு
11 அக்டோபர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது?

நேராக விஷயத்துக்கே வருகிறேன். உங்களிடம் எடுத்த லைனிங் தோலுக்கு மூன்று பில் நிற்கிறது. முதல் பில்லுக்கு 45 நாள் வருகிற 18ஆம் தேதியோடு முடிகிறது. அந்தத் தேதிக்கு முழுத் தொகையையும் என்னால் கட்ட முடியாது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு ரூபாய் குறையாமல் கட்டி முடிக்கிறேன், அதுவரை தவணையாகக் கொடுக்க அனுமதி வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நேரில் வந்து கேட்டிருக்கலாம். வந்தால் முதலில் டீ சொல்வீர்கள், நான் பேச்சை முடிப்பதற்குள் "பரவாயில்லப்பா, பாத்துக்கலாம்" என்று விடுவீர்கள். இந்த முறை அப்படி வேண்டாம் பாய். கணக்கைப் பாருங்கள், உங்கள் மகனிடமும் ஆடிட்டரிடமும் கேளுங்கள், உங்களுக்கு எது தாங்கும் என்று யோசித்து முடிவு சொல்லுங்கள். அதற்குத்தான் எழுத்தில் கொடுக்கிறேன்.

என் லெட்ஜர்படி பாக்கி இது:

செப்டம்பர் 3 பில்: 5,000 சதுர அடி, அடி ரூ.44. சரக்கு ரூ.2,20,000, ஜிஎஸ்டி 12 சதவீதம் ரூ.26,400.
செப்டம்பர் 18 பில்: 4,000 சதுர அடி. சரக்கு ரூ.1,76,000, ஜிஎஸ்டி ரூ.21,120.
அக்டோபர் 8 பில்: 3,500 சதுர அடி. சரக்கு ரூ.1,54,000, வரி குறைந்த பிறகு 5 சதவீதம் என்பதால் ஜிஎஸ்டி ரூ.7,700.

சரக்கு மட்டும் ரூ.5,50,000. வரியோடு சேர்த்து ரூ.6,05,220. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் உடனே சொல்லுங்கள்.

ஏன் இந்த நிலைமை என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்ததில் இருந்து, நாங்கள் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஏற்றுமதி கம்பெனியின் அமெரிக்க ஆர்டர்கள் நிற்கின்றன. தைத்து முடித்து செக்கிங் பாஸான அப்பர் அவர்கள் குடோனிலேயே கிடக்கிறது. எனக்கு அவர்கள் தரவேண்டியது ரூ.9,40,000. இதுவரை 60 நாளில் ஒழுங்காகத் தந்தவர்கள்தான். இந்த 9ஆம் தேதி கூப்பிட்டு, நவம்பர் 10க்கு முன்னால் எதுவும் தர முடியாது, அதுவும் பிரித்துப் பிரித்துத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்திலும் வாங்கியிருக்கிறேன், நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் கடைசி லாட் 8ஆம் தேதி இங்கே இறங்கியது. அவர்கள் சொன்னது மறுநாள். இது தெரிந்திருந்தால் அந்த லாட்டை எடுத்திருக்க மாட்டேன்.

கையில் இருக்கும் பணம் எங்கே போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். யூனிட்டில் 36 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 29 பேர் பெண்கள். 20ஆம் தேதி தீபாவளி. சம்பளத்தையும் போனஸையும் நான் நிறுத்தப் போவதில்லை. 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்டியாக வேண்டும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் லிமிட் முழுதும் எடுத்தாகிவிட்டது. தினவட்டிக்குக் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கே வாங்கி உங்களுக்குக் கொடுத்தால் இந்த மாதம் உங்கள் பில் தீரும், ஆறு மாதத்தில் என் யூனிட்டே தீர்ந்துவிடும்.

உங்கள் பக்கமும் பணம் புழங்கவில்லை என்று தெரியும் பாய். ஜூனில் பக்ரீத் தோலுக்கு மண்டியில் ரொக்கம் போட்டு வாங்கினீர்கள். உப்புத் தோலாக வாங்கியதைப் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, ஃபினிஷ் செய்து எனக்கு அனுப்பும் வரை கெமிக்கல்காரருக்கும் கூலிக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் கையில் இருந்துதான் போட்டிருப்பீர்கள். அந்தப் பணம் இப்போது என்னிடம் நிற்கிறது. அதனால் கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஜிஎஸ்டி. நான் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் செப்டம்பர் பில்களின் வரியை இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். என் சரக்குக்கான வரியை உங்கள் கைக்காசில் இருந்து கட்ட வைப்பது நியாயமே இல்லை. ஆகவே அந்த இரண்டு பில்லின் வரி ரூ.47,520ஐ 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். அக்டோபர் பில்லின் ரூ.7,700 நவம்பர் 19ஆம் தேதி வரும். நீங்கள் தவணைக்கு ஒத்துக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி, இந்த இரண்டும் தேதி மாறாது.

சரக்குத் தொகை ரூ.5,50,000க்கு நான் கேட்கும் தவணை:

நவம்பர் 14: ரூ.75,000
டிசம்பர் 15: ரூ.1,25,000
ஜனவரி 30: ரூ.1,50,000
பிப்ரவரி 27: ரூ.2,00,000

பழைய பில்லில் இருந்து வரிசையாகக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தவணை ஏற்றுமதி கம்பெனியிடம் இருந்து வருகிற பணத்தில் இருந்து. அடுத்த இரண்டில் பெரும்பகுதி, பெங்களூரு பார்ட்டி ஒருவருக்கு நவம்பரில் தொடங்கும் உள்நாட்டு ஆர்டரில் இருந்து வரும். அவர் 30 நாளில் பணம் தருபவர். ஆர்டர் நகலும் இணைப்பில் இருக்கிறது. கம்பெனிப் பணம் சொன்னதற்கு முன்னால் வந்தால், வருகிற ஒவ்வொரு தொகையிலும் கால்பங்கு அன்றைக்கே உங்களுக்கு வந்துவிடும், தவணைத் தேதிக்காகக் காத்திருக்க மாட்டேன்.

நான்கு தவணைக்கும் தேதி போட்ட செக் நான்கு கொண்டுவந்து கொடுக்கிறேன். அந்தந்தத் தேதியில் தாராளமாக வங்கியில் போடுங்கள். ஏதாவது ஒரு தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தால், ஒரு வாரம் முன்னதாக நானே கூப்பிட்டுச் சொல்வேன். செக் திரும்பி வந்துதான் உங்களுக்கு விஷயம் தெரியும் என்ற நிலை வராது.

சட்டத்தையும் சொல்லிவிடவேண்டும். உங்கள் பில்லில் உத்யம் எண் இருக்கிறது. சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கடிதம் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கட்டாயம் இருக்கிறது. மார்ச் 31க்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் அந்தச் செலவை இந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பில் தேதியில் இருந்து 180 நாளைத் தாண்டினால் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும் திருப்ப வேண்டும். இதையெல்லாம் பார்த்துத்தான் பிப்ரவரி 27ஐக் கடைசித் தேதியாக வைத்தேன்.

நீங்கள் வட்டி வாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும், அந்தப் பேச்சையே எடுத்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஆனால் நீங்கள் காத்திருப்பதற்கு ஈடாக என் பக்கம் இருந்து ஏதாவது இருக்க வேண்டும். பாக்கி தீரும் வரை புதிதாக எடுக்கும் லாட் எதுவானாலும் சரக்கு ஏறும்போதே பணம். உடனே பணம் கொடுத்தால் நீங்கள் குறைக்கும் 2 சதவீதம் வேண்டாம். வண்டி வாடகை என்னுடையது. விலையில் பேரம் பேசமாட்டேன்.

இன்னொன்று. 8ஆம் தேதி லாட்டில் 1,500 சதுர அடி இன்னும் கட்டிங் டேபிளுக்குப் போகவில்லை. நீங்கள் கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல், ஈரம் படாத இடத்தில் பலகை மேல் இருக்கிறது. உங்களுக்கு வேறு பார்ட்டி இருந்தால் சொல்லுங்கள், என் வண்டியில் திருப்பி அனுப்புகிறேன். கிரெடிட் நோட் போட்டால் சரக்கில் ரூ.66,000, வரியில் ரூ.3,300 குறையும். அதைக் கடைசித் தவணையிலும் நவம்பர் 19 வரித் தொகையிலும் கழித்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளச் சொன்னால் பெங்களூரு ஆர்டருக்கு ஆகும். உங்கள் இஷ்டம்.

நூல், ஒட்டும் பசை, ஐலெட் கொடுப்பவர்களுக்கும் இதேபோல எழுதுகிறேன். அவரவர் பாக்கிக்குத் தகுந்த விகிதத்தில்தான் எல்லோருக்கும் போகும், ஒருவரை விட்டுவிட்டு ஒருவருக்கு ரகசியமாகத் தீர்க்கும் வேலை கிடையாது. உங்களிடம் ஒரு உதவி. விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும். நம் தொழிலில் காலையில் மேல்விஷாரத்தில் பேசினால் மதியம் ஆம்பூரில் கேட்கும். "அவன் கட்டமாட்டானாம்" என்று ஒரு வார்த்தை பரவினால், கொடுக்க நினைப்பவர்களும் கையை இழுத்துக்கொள்வார்கள். உங்கள் மகனும் ஆடிட்டரும் கணக்குப்பிள்ளையும் அறிந்தால் போதும்.

2014இல் அட்வான்ஸ் எதுவும் கேட்காமல் முதல் லாட்டை ஏற்றிவிட்டவர் நீங்கள். அதற்குப் பிறகு ஊரடங்கு காலம் உட்பட எந்தப் பில்லுக்கும் நீங்கள் என்னை இரண்டாம் முறை கூப்பிட்டுக் கேட்கவேண்டி வந்ததில்லை. அதை இப்போதும் காப்பாற்ற நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை 14ஆம் தேதி, அஸர் தொழுகை முடிந்து நீங்கள் ஆபீஸில் உட்காரும் நேரத்துக்கு வருகிறேன். செக் புத்தகமும் லெட்ஜரும் கொண்டுவருவேன். இந்தத் தவணை உங்களுக்குத் தாங்காது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். முதல் தவணை கூடுதலாக வேண்டுமா, பாதிப் பாக்கிக்கு மட்டும் அவகாசமா, எதுவானாலும் உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன்னால் என் யூனிட்டை வந்து பார்க்க நினைத்தாலும், எந்த நேரமும் உங்கள் மகனை அனுப்புங்கள். ஸ்டாக்கையும் கணக்கையும் திறந்து காட்டுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரணாம்பட்டு தம்பி
(ஷூ அப்பர் யூனிட்)

இணைப்பு: மூன்று பில்களின் லெட்ஜர் நகல், ஏற்றுமதி கம்பெனியின் பாக்கி விவரமும் கடிதமும், பெங்களூரு ஆர்டர் நகல்