பக்கத்தில் நிற்கிறவர் பேசிப் பழக மூன்று நாடகங்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, இது ஆண்டு விழா நாடகம் இல்லை. ஒருவரை மற்றவர்கள் கேலி செய்யும்போது பக்கத்தில் நிற்கிறவர் என்ன பேசலாம் என்று பழகிப் பார்க்கத்தான் இது. மனப்பாடம் வேண்டாம், தாளைப் பார்த்தே பேசலாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நடிக்கிறோம். முதல் தடவை தாளில் உள்ளபடியே, யாரும் குறுக்கே பேசாமல். இரண்டாம் தடவை, பார்த்துக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்குப் பொறுக்கவில்லையோ அவர் கை தட்டி "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர் இடத்துக்கு வந்து தன் வார்த்தையில் பேச வேண்டும். சட்டையைப் பிடிப்பது, திருப்பித் திட்டுவது எல்லாம் கிடையாது.

நாடகத்தில் வருகிற கேலியை நிஜமாகவே வாங்குகிறவருக்கு அந்த வேடத்தைத் தரக் கூடாது. தாளில் இல்லாத பட்டப்பெயர் வேண்டாம், சாதிப் பேச்சு அறவே வேண்டாம். நடித்து முடித்ததும் "நான் பாண்டி இல்லை" என்பதுபோல வேடத்தின் பெயரைச் சொல்லி, சொந்தப் பெயரையும் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை, வேடம் ஒட்டிக்கொண்டு மைதானம் வரை வரக் கூடாது.

கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. கூடப் படிக்கிற ஒருவர் தலையிட்டபோதெல்லாம் பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. அதனால் இங்கேயும் யாராவது தலையிட்டதும் ஒருவர் ஓரமாக நின்று 10 வரை எண்ணட்டும்.

நாடகம் 1: நண்டு

(திங்கள்கிழமை மத்தியானம், சத்துணவு வரிசை. சம்பா நடவு நேரம். பாண்டி நேற்று அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போனவன், நக இடுக்கில் சேறு இன்னும் போகவில்லை. விக்னேஷும் சரவணனும் ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளிகள்.)

விக்னேஷ்: டேய் நண்டு! வளைய விட்டு எப்படா வந்த?

(மூன்று பேர் சிரிக்கிறார்கள்.)

பாண்டி: சும்மா இருடா.

விக்னேஷ்: கையக் காட்டு, கையக் காட்டு. பாருங்கடா, பாதி வயலு இவன் நகத்துலதான் இருக்கு. இவன் தொட்ட முட்டைய எவன் திம்பான்?

(பாண்டி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைக்கிறான். சரவணன் பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டுத் தன் தட்டைப் பார்க்கிறான்.)

முதல் தடவை இங்கே முடியும். சரவணனாக நடிக்கிறவர் அந்தப் பாதிச் சிரிப்பை ஒழுங்காகச் சிரிக்க வேண்டும், விக்னேஷ் பேசுவதே அதற்காகத்தான். இரண்டாம் தடவைக்கு ஒரு மாதிரி:

சரவணன்: விடுடா விக்கி. போன வாரம் நானுந்தான் நாத்துக்கட்டு தூக்குனேன்.

விக்னேஷ்: ஜோக்குடா. உனக்கென்ன வந்துச்சு?

சரவணன்: அவன் சிரிக்கலையே. (பாண்டி பக்கத்தில் போய் உட்காருகிறான்.) தள்ளுடா. உன் முட்டைல பாதி குடு.

இதையே ஒப்பிக்க வேண்டாம். "கேலி செய்வது தவறு, நண்பா" என்று காலைப் பிரேயர் குரலில் ஆரம்பித்தால் விக்னேஷுக்கு இன்னும் குஷியாகிவிடும், நீங்கள் தினமும் பேசுகிற பேச்சிலேயே பேசுங்கள். இன்னொரு மாதிரியும் நடித்துப் பாருங்கள்: சரவணனுக்கு அங்கே வாய் வரவில்லை, அப்புறம் குழாயடியில் பாண்டியிடம் "நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா" என்கிறான், சாயங்காலம் சைக்கிளில் போகும்போது விக்னேஷிடம் தனியாகப் பேசுகிறான். கூட்டாளியிடம் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம், அதனால் இந்தக் காட்சிக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

நாடகம் 2: பஸ்

(மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகிற டவுன் பஸ், நிற்க இடமில்லை. பெரிய வகுப்பு அண்ணன்கள் இரண்டு பேர் கவிதாவின் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற ரம்யா ஒல்லி, தனியாள்.)

ரம்யா: (அவர்கள் பக்கமே திரும்பாமல்) கவி, இங்க வாடி. கணக்கு நோட்டு கேட்டியே, இந்தா. (கவிதாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கண்டக்டரிடம்) அண்ணே, இவங்க ரொம்ப நேரமா இந்தப் பிள்ளையத் தொந்தரவு பண்றாங்க.

அவர்களோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. பேச்சை மாற்று, ஆளை நகர்த்து, பெரியவரிடம் சொல். இங்கே அவ்வளவுதான் வேலை.

நாடகம் 3: குரூப்

(இதில் செல்போனைத் தொட வேண்டாம், கரும்பலகையில் எழுதியே நடிக்கலாம். திக்கிப் பேசுகிற இம்ரான் பாடம் வாசித்ததை யாரோ ரெக்கார்டு செய்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒன்பது சிரிப்பு முகம்.)

திவ்யா: இதுல சிரிக்க என்ன இருக்கு? எடுத்துடு.

திவ்யா (இம்ரானுக்குத் தனியாக): பார்த்தேன்டா. நான் யாருக்கும் அனுப்பல. நாளைக்கு மிஸ்கிட்ட நானும் கூட வர்றேன்.

மிஸ்ஸிடம் சொல்ல முடியாத விஷயம் என்றால் குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, இரண்டையும் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நாடகம் முடிந்தாலும் அதை அழிக்க வேண்டாம்.

சரி, முதல் நாடகத்துக்கு ஆள் எடுப்போம். விக்னேஷ் வேடத்துக்கு எல்லாரும் கை தூக்குவீர்கள், தெரியும். சரவணனுக்கு யார்?