அரையாண்டுப் பணி மதிப்பீடு: காசாளர், 3-ஆம் கவுண்டர்

கிளை: அண்ணா நகர், மதுரை. காலம்: 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வேலை பார்த்த நாட்கள்: 146. மதிப்பிட்டவர்: கிளை மேலாளர். ஒரு படி காசாளருக்கு, ஒரு படி கோப்புக்கு.

துல்லியம்: 5-க்கு 4

நீங்கள் போட்டதில் 60 பில்களை முன்னறிவிப்பின்றி எடுத்து, கூடையில் இருந்த சாமானோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 57 சரி. தவறிய மூன்றும் மூன்று விதம். ஒன்றில், ஒரே பார்கோடுக்குப் பழைய விலை, புது விலை என இரண்டு எம்ஆர்பி திரையில் வந்தபோது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் மேலே இருந்ததைத் தேர்ந்திருக்கிறீர்கள். இன்னொன்றில் நாட்டுத் தக்காளிக்குப் பெங்களூர் தக்காளியின் கோடு விழுந்திருக்கிறது. மூன்றாவதில் இரண்டு வாசனையில் இருந்த ஆறு சோப்பை, ஒன்றை ஸ்கேன் செய்து ஆறால் பெருக்கிவிட்டீர்கள். விலை ஒன்றுதான், பணமும் சரிதான். ஆனால் ஸ்டாக்கில் ஒரு வாசனை குறைந்தும் மற்றது கூடியும் நிற்கும். ஆர்டர் போடுபவர் தவறாக வாங்குவார். வாசனை மாறினால் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.

வேகம்: 5-க்கு 4

பார்கோடு உள்ள சாமானில் நிமிடத்துக்கு 18 வரை போகிறது. மாதம் பிறந்து முதல் வாரத்து மளிகைக் கூட்டத்துக்கும் அது போதும். காய்கறியில்தான் தடங்கல். அடிக்கடி வரும் 25 காய்களின் கோடை மனப்பாடம் செய்தாலே சரியாகிவிடும். இதற்கு மேல் வேகம் கூட்டச் சொல்லமாட்டேன். அவசரத்தில்தான் ஒரு சாமான் இரண்டு தடவை பீப் அடிக்கிறது.

பேச்சும் நடத்தையும்: 5-க்கு 4

பெரியவர்களை அம்மா, ஐயா என்று அழைப்பதும், சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டாததும் நல்ல பழக்கம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தவர்களிடம் வாதாடாமல் நோட்டாக மாற்றிக் கொடுத்தீர்கள். நாணயம் செல்லும் என்பது உண்மைதான். ஆனாலும் வரிசை நிற்கும்போது வாதாடுவதில் பயனில்லை. பை விலை பற்றி ஒரு புகார் வந்தது. அது இரவு ஏழரை மணிக்கு, ஐந்து மணி நேரம் நின்ற பிறகு நடந்தது. உங்கள் கவுண்டரில் ஸ்டூல் உடைந்து கிடந்தது எங்கள் தவறு. ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 2021-லேயே திருத்தம் வந்துவிட்டது. புது ஸ்டூல் போட்டாயிற்று. இடைவெளி கிடைக்கும்போது தயங்காமல் உட்காருங்கள்.

கல்லாக் குறைவு: 5-க்கு 3

11 நாட்களில் மொத்தம் 1,286 ரூபாய் குறைந்தது. இதில் 342 ரூபாய் (2 நாட்கள்) நிஜமான குறைவே இல்லை: ஜிபே பில்லை ரொக்கம் என்று முடித்ததால் கல்லாவில் குறைந்து, வங்கிக் கணக்கில் அதே தொகை கூடியிருந்தது. 300 ரூபாய் (3 நாட்கள்) ஷிப்ட் மாறும்போது எண்ணாமல் டிராயரைக் கைமாற்றியதால் வந்தது. அதில் யார் பக்கம் தவறு என்று இனிச் சொல்ல முடியாது, உங்கள் தலையில் கட்டவும் மாட்டோம். 400 ரூபாய் ஒரே பில்லில் போனது. நூறு ரூபாய் கொடுத்தவர் ஐநூறு கொடுத்ததாகச் சொன்னார். நோட்டு ஏற்கெனவே டிராயருக்குள் போய்விட்டதால் உங்களால் காட்ட முடியவில்லை. மீதி 244 ரூபாய், ஐந்து நாட்களில் சிறுசிறு சில்லறைத் தவறு.

இவற்றுக்காக மதிப்பெண் குறைக்கவில்லை. குறைத்தது வேறொன்றுக்காக. ஜூலையில் தொடர்ந்து 22 நாட்கள் உங்கள் கல்லாவில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. கேட்டபோது, பத்து, இருபது குறைந்தால் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டியதாக நீங்களே சொன்னீர்கள். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் இதை இன்றோடு நிறுத்த வேண்டும். நீங்கள் சரிக்கட்டினால் எந்தக் கோடு தப்பு, எந்த நேரத்தில் தப்பு என்று எங்களுக்குத் தெரியாமல் போகிறது. உழைத்த சம்பளமும் கரைகிறது. விளக்கம் கேட்காமல் குறைவைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டமும் இடம் தரவில்லை, இந்தக் கிளையில் அப்படி நடக்கவும் நடக்காது. கூடுதலாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நாளைய குறைவுக்கென்று எடுத்து வைக்கவே கூடாது.

அக்டோபர் முதல்: வாங்கிய நோட்டை, மீதி கொடுத்து முடியும்வரை டிராயரின் மேல்தட்டில் வைத்து, "ஐநூறு குடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்திடாமல் டிராயர் கைமாறக் கூடாது. ஆரம்பச் சில்லறை 2,000 ரூபாயையும் எண்ணியே வாங்குங்கள். ஐநூறு நோட்டு 40 சேர்ந்ததும் தலைமைக் காசாளரைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள். 50 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றே சொல்லுங்கள். ஜிபே பட்டியலைத் தொகையும் நேரமும் வைத்து ஒப்பிட்டால் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வழக்கமான ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். கல்லாப் பதிவேட்டை உங்களோடு உட்கார்ந்து டிசம்பர் 31 அன்று மறுபடி பார்ப்போம்.