வெளிச்சம் வரும் பக்கம்

திருநெல்வேலி டவுன் சுவர்களில் பாதி எழுதிய ஆர்ட்டிஸ்ட் தாத்தா, ஃபிளெக்ஸ் கடையில் மவுஸைத் தூரிகை போலவே நுனிவிரலில் பிடித்தார். அல்வாக் கடையின் பின்சுவருக்கு பேக்டிராப், பத்துக்கு எட்டடி.

"ஃபாண்ட் இருக்கே தாத்தா?"

"இந்த 'அ'வுக்கு வயிறு பத்தல தம்பி."

CorelDRAW-வில் Ctrl+Q அழுத்தினான் பையன். எழுத்தைச் சுற்றி நோடுகள் முளைத்தன. தாத்தா ஒன்றை மெல்ல இழுத்தார். கை நடுங்கியது, வளைவு நடுங்கவில்லை. 'அ' அல்வா தின்றதுபோல உப்பியது. பையன் வாயைப் பிளந்தான்.

அடுத்து நிழல். பையன் இடப்பக்கம் போட்டான்.

"கடையில டியூப்லைட் எந்தப் பக்கம்?"

"தெரியாது தாத்தா."

"இடப்பக்கம். நிழல் வலப்பக்கம்தான் விழணும். அந்த இழுக்குற பட்டன் எது, காட்டு."