மார்கழித் தொடருக்கும் வாராந்திர கோயில் வீடியோக்களுக்கும் எடிட்டிங் ஒப்பந்தம்

தேதி: 1 நவம்பர் 2025

கும்பகோணத்திலிருந்து பக்திச் சேனல் நடத்தும் முருகானந்தம் (இதில் "நான்") எழுதுவது. கோவையில் இருக்கும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர் கார்த்திக் (இதில் "நீங்கள்") படித்து ஒப்புக்கொள்வதற்காக. நீங்கள் என்னை அண்ணா என்கிறீர்கள், நான் தம்பி என்கிறேன். அந்த உரிமையில் பணத்தைத் தள்ளிப்போடுவதோ, ஃபைலைக் கேட்டால் "அப்புறம் பாக்கலாம்ணா" என்பதோ இரண்டு பக்கமும் வரக் கூடாது, அதனால்தான் இதெல்லாம் எழுத்தில். இது 30 ஏப்ரல் 2026 வரை செல்லும்.

வேலை என்ன

வாரம் ஒரு கோயில் வீடியோ, 12 முதல் 15 நிமிடம், அதிலிருந்து வெட்டிய இரண்டு ஷார்ட்ஸ். இது தவிர டிசம்பர் 16 முதல் மார்கழித் தொடர்: திருப்பாவை 30 பாசுரத்துக்கும் நாளொன்றுக்கு ஒரு வீடியோ, ஏறக்குறைய 5 நிமிடம், வரிகள் திரையில் ஓடும்படி. மார்கழி வீடியோ விடியற்காலை 4 மணிக்குப் போட வேண்டியது. அதனால் ஒவ்வொன்றின் கடைசி வடிவமும் இரண்டு நாள் முன்பே என் கையில் இருக்க வேண்டும், அதற்கான குரல் பதிவை நான் குறைந்தது ஒரு வாரம் முன்பே தந்திருக்க வேண்டும். நான் தாமதித்தால் உங்கள் தேதியும் அத்தனை நாள் தானாகத் தள்ளிப்போகும், கோபிக்க எனக்கு உரிமை இல்லை.

பணம்

வாராந்திர வீடியோ ரூ.3,500. ஷார்ட்ஸ் ஒன்று ரூ.500. தம்ப்நெயில் ரூ.300. மார்கழி வீடியோ ஒன்று ரூ.1,200, 30-க்கும் சேர்த்து ரூ.36,000, அதில் பாதி ரூ.18,000 டிசம்பர் 1-க்குள் முன்பணம், மீதி ஜனவரி 20-க்குள். வாராந்திர வேலைக்கு மாதக் கடைசியில் நீங்கள் ஒரு பில் அனுப்புங்கள், அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் யூபிஐயில் வந்துவிடும். 15-ஆம் தேதியும் தாண்டினால் புது வேலையைத் தொடாமல் நிறுத்திவைக்கலாம், அதை நான் முறைகேடாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வியூஸ் வந்தாலும் வராவிட்டாலும், யூடியூப் பணம் தந்தாலும் தராவிட்டாலும் இந்தத் தொகை மாறாது. "இது சாமி காரியம், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று நான் கேட்க மாட்டேன். நீங்களாக ஒரு வீடியோவைச் சேவையாகச் செய்ய விரும்பினால் முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

24 மணி நேரத்துக்குள் வேண்டும் என்று நான் அவசரப்படுத்தும் வேலைக்குப் பாதித் தொகை கூடுதல். எடிட் தொடங்கிய பிறகு நான் வேண்டாம் என்றால் பாதி, முதல் கட் அனுப்பிய பிறகு வேண்டாம் என்றால் முழுத்தொகை. டிடிஎஸ் இப்போது பிடிக்கவில்லை. பின்னால் பிடிக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லி, உங்கள் பான் எண்ணில் கட்டிச் சான்றிதழும் தருவேன்.

திருத்தம்

போன இடங்களிலெல்லாம் சண்டை இங்கேதான் வந்தது என்று நீங்களே சொன்னீர்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒரு வீடியோவுக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்திலேயே அடக்கம். சுற்று என்றால், முதல் கட் வந்த இரண்டு நாளுக்குள் நான் நிமிடம், நொடி போட்டு எழுதி அனுப்பும் ஒரே பட்டியல். இரவு பதினொன்றுக்கு நான் போடும் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜும், வீட்டில் பெரியவர்கள் பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்தும் பட்டியலில் ஏறாதவரை திருத்தம் ஆகாது. மூன்றாவது சுற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ரூ.500. நான்கு நாள் நான் வாய் திறக்காவிட்டால் அந்தக் கட் சரி என்று பொருள்.

உங்கள் கவனக்குறைவை உங்கள் செலவில்தான் சரிசெய்ய வேண்டும், அது சுற்றுக் கணக்கில் வராது: நான் தந்த பாடத்தில் இருக்கும் வரியைத் திரையில் தப்பாக ஏற்றுவது, தென்கலைக் கோயில் வீடியோவின் தம்ப்நெயிலில் வடகலை நாமம் போடுவது, சுவாமி முகத்தின் மேல் சப்ஸ்கிரைப் பட்டன் உட்காருவது, ஆரத்தி நடுவில் வெட்டுவது. (நாமம் மாறினால் கமெண்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) ஆனால் பாசுரத்தை நானே பிழையோடு அனுப்பியிருந்தால், அல்லது கோயில் எந்தக் கலை என்று சொல்லாமல் விட்டிருந்தால், அது என் தவறு, அந்தத் திருத்தத்துக்குப் பணம் உண்டு. வெளியான பிறகு பிழை தெரிந்தாலும் இதே கணக்கு.

பாட்டும் இசையும்

கந்த சஷ்டி கவசத்தின் வரிகள் பழையவை, யாரும் பாடலாம். ஆனால் கேசட் காலத்திலிருந்து நாம் கேட்கும் பதிவு ஒரு கம்பெனிக்குச் சொந்தம். எனவே நான் தரும் பதிவு, யூடியூப் ஆடியோ லைப்ரரி, இந்த இரண்டைத் தவிர வேறெங்கிருந்தும் ஒரு நாதஸ்வரத் துண்டுகூட எடுக்க வேண்டாம். நீங்களாகச் சேர்த்த இசையால் கிளெய்ம் வந்தால் இலவசமாக மாற்றித் தர வேண்டும், நான் தந்ததால் வந்தால் பொறுப்பு என்னுடையது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும், அந்த பயத்தில்தான் இவ்வளவு கறார்.

பெயர்

ஒவ்வொரு வீடியோவின் டிஸ்கிரிப்ஷனிலும் "எடிட்டிங்: கார்த்திக்" என்று வரும், முடிவில் 3 நொடி திரையிலும் வரும். ஷார்ட்ஸில் டிஸ்கிரிப்ஷனில் மட்டும். நான் மறந்தால் நீங்கள் சொன்ன இரண்டு நாளில் சேர்ப்பேன். நீங்கள் முடித்ததை நான் வேறொருவரிடம் கொடுத்து மாற்றினால் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லலாம். வெளியான வீடியோவிலிருந்து ஒரு நிமிடம் வரை உங்கள் ரீலில் காட்டிக்கொள்ளலாம், வெளியாகும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் கூடக் கூடாது.

முழுத்தொகை வந்து சேர்ந்ததும் முடிந்த வீடியோவின் பதிப்புரிமை எனக்கு, முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும். காலமும் இடமும் எழுதாவிட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு 5 வருடம், இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் இந்த வரி. பிராஜெக்ட் ஃபைல் உங்களுடையது. இன்ட்ரோவும் பாசுர வரி டெம்ப்ளேட்டும் மட்டும் ரூ.4,000 தந்து நான் வாங்கிக்கொள்கிறேன்.

ரா ஃபுட்டேஜ்

ஒரு கோயிலுக்கு 100 ஜிபிக்கு மேல் வருவதால் ஹார்ட் டிஸ்கில் கூரியர் செய்வேன், இரண்டு பக்கச் செலவும் என்னுடையது, டிஸ்கும் அதில் இருப்பதும் என்னுடையவை. என்னிடம் ஒரு பிரதி இருக்கும். டிஸ்க் கெட்டுப்போனால் உங்கள் மேல் பழி போட மாட்டேன், ஆனால் வந்த அன்றே ஃபைல்கள் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். வீடியோ வெளியாகி 30 நாள் வரை வைத்திருந்து, பிறகு என்னிடம் கேட்டுவிட்டு உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள்.

இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, நண்பருக்கும் சரி, கோயில்காரர் என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கும் சரி. நாங்கள் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித்தான் எடுக்கிறோம், கோயிலுக்குள் செல்போனையே 2022-இல் உயர் நீதிமன்றம் தடுத்திருக்கிறது. கேமரா திரும்பும்போது மூலவர் சட்டகத்தில் விழுந்திருந்தால் அந்தப் பகுதியைப் பயன்படுத்தாமல் எனக்குச் சொல்லுங்கள், இரண்டு இடத்திலும் அழிப்போம். மைக் அணைக்க மறந்து குருக்கள் பேசியது, வரிசையில் அழுதுகொண்டு நிற்கும் பக்தர் முகம், இவையும் அப்படியே. வேடிக்கையாகக்கூட ஸ்டேட்டஸில் வரக் கூடாது. இது ஒன்று மீறினால் மட்டும் நோட்டீஸ் இல்லாமல் அன்றே வேலை முடியும், அதுவரை செய்ததற்குப் பணம் தருவேன்.

மற்றபடி யார் விலகினாலும் 15 நாள் முன்பு சொன்னால் போதும், ஆனால் மார்கழி நடுவில் இருவருமே விலகக் கூடாது, உடல்நலம், வீட்டில் துக்கம் தவிர. விலகிய ஒரு வாரத்துக்குள் டிஸ்க் என்னிடமும் பாக்கி உங்களிடமும் வந்துவிட வேண்டும். இதில் எதை மாற்றுவதானாலும் மெயிலில்தான், போனில் பேசியது சேராது.

சம்மதம் என்றால் இதே மெயிலுக்குப் பெயரும் தேதியும் போட்டுப் பதில் அனுப்புங்கள், பதில் வந்த அன்றே முதல் டிஸ்க் கிளம்பும்.

முருகானந்தம், சேனல் சார்பில், கும்பகோணம், 1.11.2025

சம்மதம். கார்த்திக், எடிட்டர், கோவை, 3.11.2025