இருமுறை செலுத்திய விண்ணப்பக் கட்டணத்தில் ஒன்றைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
ப. கயல்விழி,
துறையூர், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
நிதி அலுவலர் அவர்கள்,
கல்லூரி அலுவலகம்.

நாள்: 26.05.2025

பொருள்: முதுநிலை வேதியியல் சேர்க்கை, விண்ணப்ப எண் 25PCH0418. இரண்டு முறை சென்ற கட்டணத்தில் முதல் தொகை ரூ.750-ஐத் திருப்பித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் கல்லூரியில் முதுநிலை வேதியியல் படிக்க இணையவழியில் விண்ணப்பித்திருக்கிறேன். மே 12 அன்று இரவு 7.42 மணிக்கு, என் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் ரூ.750 கட்டினேன் (பரிவர்த்தனை எண் 513219406728). கணக்கில் பணம் கழிந்துவிட்டது. ஆனால் தங்கள் இணையப் பக்கம் ரசீது காட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்து, நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தபோது கட்டணம் செலுத்தப்படவில்லை என்றே இருந்தது. விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். அதனால் 7.58 மணிக்கு என் மாமாவின் கணக்கிலிருந்து மீண்டும் ரூ.750 கட்டினேன் (பரிவர்த்தனை எண் 513219411385). இதற்கு உடனே ரசீது வந்தது, விண்ணப்பமும் ஏற்கப்பட்டது.

விற்பவருக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. அப்படி வந்துவிடும் என்றுதான் காத்திருந்தோம். வரவில்லை. அப்புறம் அம்மாவுடன் வங்கிக் கிளைக்குப் போய் விசாரித்தேன். முதல் தொகையும் கல்லூரிக் கணக்குக்குப் போய்விட்டது, பரிவர்த்தனை வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது, இனி வங்கியால் திரும்ப எடுக்க முடியாது, கல்லூரிதான் தர வேண்டும் என்று சொல்லி, எழுத்திலும் கொடுத்தார்கள்.

சேர்க்கை உதவி எண்ணில் கேட்டபோது, விண்ணப்பக் கட்டணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்று விளக்கக் கையேட்டில் இருப்பதைச் சொன்னார்கள். அந்த விதியை நான் மறுக்கவில்லை. இடம் கிடைக்காவிட்டாலும், நானே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும், கட்டணத்தைக் கேட்க மாட்டேன். ஆனால் அந்த விதி ஒரு விண்ணப்பத்துக்கான கட்டணத்தைப் பற்றியது. நான் அனுப்பியது ஒரே விண்ணப்பம், அதற்குரிய கட்டணம் மாமாவின் கணக்கிலிருந்து வந்துவிட்டது. அம்மாவின் கணக்கிலிருந்து வந்த பணத்துக்கு எதிராகத் தங்களிடம் எந்த விண்ணப்பமும் இல்லை, ரசீதும் இல்லை. அதை விண்ணப்பக் கட்டணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தவறுதலாகத் தரப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவிலும் சொல்கிறது. வாக்குவாதம் செய்வதற்காக இதை எழுதவில்லை. கோப்பில் எந்த அடிப்படையில் திருப்பித் தருவது என்ற கேள்வி எழுந்தால் உதவட்டும் என்றுதான் குறிப்பிடுகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனித்துச் செய்யுங்கள். திருப்ப வேண்டியது 7.42 மணிக்கு வந்த முதல் தொகை, அதாவது 513219406728 என்ற எண்ணுள்ளது. என் விண்ணப்பம் இரண்டாவது தொகையோடுதான் இணைந்திருக்கிறது. தவறி அதைத் திருப்பிவிட்டால் விண்ணப்பம் கட்டணம் செலுத்தாததாக மாறி, தரவரிசைப் பட்டியலில் என் பெயர் விடுபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கட்டண நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடி, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினால் அம்மாவின் கணக்குக்கே போய்விடும். காசோலை தேவையில்லை. அதற்கு வழியில்லை என்றால் அம்மாவின் வங்கிப் புத்தக நகலில் கணக்கு எண்ணும் கிளை விவரமும் இருக்கின்றன, அதற்கு அனுப்பலாம்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்தக் கணக்கில் வருவது அவருடைய கூலி. 750 ரூபாய் என்பது அவருக்கு இரண்டு நாள் கூலிக்கும் மேல். இன்னும் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம். அதனால் ஜூன் 6-ஆம் தேதிக்குள் அனுப்பிவைத்தால் பெரிய உதவியாக இருக்கும். அனுப்பியதும் அதற்கான பரிவர்த்தனை எண்ணை என் விண்ணப்பத்தில் உள்ள கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலையைப் பார்ப்பது வேறு பிரிவு என்றால், கடிதத்தை அங்கே அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி சொல்லுங்கள். நேரில் வரச் சொன்னாலும் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இரண்டு பரிவர்த்தனைகளின் திரைப்படிகள், அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் மே 12-ஆம் தேதிப் பதிவு உள்ள பக்கம், வங்கி தந்த கடிதம், விண்ணப்ப ரசீது ஆகியவற்றின் நகல்களையும், பணத்தை அவர் கணக்குக்கே அனுப்பச் சம்மதித்து அம்மா கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. கயல்விழி
(விண்ணப்ப எண் 25PCH0418)