சம்பவ அறிக்கை: ஒன்பது மாதக் குழந்தையின் தொண்டையில் ஆப்பிள் துண்டு சிக்கியது

நாள்: 10.02.2026, செவ்வாய்க்கிழமை
இடம்: பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலக வளாகம், தரைத்தளக் குழந்தைகள் காப்பகம், தவழும் குழந்தைகள் அறை
எழுதியவர்: காப்பகப் பொறுப்பாளர், அன்று மாலை 4 மணிக்கு
பெறுவோர்: குழந்தையின் பெற்றோர், மனிதவளத் துறை, காப்பகக் கோப்பு

இந்த நகல் பலர் கைக்குப் போகும் என்பதால் குழந்தையின் பெயரை எழுதவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் எண் 23. பெண் குழந்தை. கீழே இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றன, கடைவாய்ப் பல் இல்லை.

நடந்தது

காலை 10:40க்குப் பெரிய குழந்தைகளின் தின்பண்ட நேரம். அவர்களுடைய மேசை தவழும் அறைக்கு வெளியே இருக்கிறது. இரண்டரை வயதுப் பையன் ஒருவன் ஆப்பிள் டப்பாவோடு உள்ளே வந்தான். நடுவிலிருக்கும் குட்டைக் கதவின் கொண்டி அப்போது போடப்படவில்லை. அவன் பாயில் போட்ட ஒரு துண்டைப் பாப்பா எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அறையில் இருந்த ஆயா அந்த நேரம் வேறொரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். தோல் சீவாத, வேகவைக்காத துண்டு அது.

ஆயாவைத் திரும்பிப் பார்க்க வைத்தது சத்தமல்ல, சத்தம் இல்லாததுதான். பாப்பா வாயைத் திறந்து திறந்து மூடினாள். அழுகையும் வரவில்லை, இருமலும் வரவில்லை. "மேடம்!" என்று அவர் போட்ட கூச்சலில் நான் ஓடினேன். அதற்குள் உதடு நீலம் பாரித்திருந்தது.

செய்த முதலுதவி

இருமிக்கொண்டிருந்தால் முதுகில் தட்டியிருக்க மாட்டேன். பலமாக இருமும் குழந்தையை இருமவிட்டுப் பக்கத்தில் நிற்பதுதான் முறை. இங்கே காற்றே போகவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து, பாப்பாவை இடது முன்கையில் குப்புறப் போட்டு, கையைத் தொடையில் தாங்கிக்கொண்டேன். தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருந்தது. தாடையை விரல்களால் பிடித்தேன், தொண்டையில் விரல் அழுந்தாமல். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. தட்டிக்கொடுப்பது போல அல்ல, உண்மையான அடி. சிவந்த தடம் மதியம் வரை இருந்தது, அம்மாவும் பார்த்தார். ஐந்தும் முடிந்தும் ஒன்றும் வரவில்லை.

தலையைத் தாங்கியபடி மல்லாக்கத் திருப்பினேன். மார்பு நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். முன்பு இரண்டு விரலால் அழுத்தத்தான் கற்றுக்கொண்டிருந்தோம். அமெரிக்க இதய சங்கத்தின் 2025 வழிகாட்டியில் அது மாறிவிட்டது, ஜனவரியில் நடந்த மறுபயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நேரம் பழைய முறை கைக்கு வரவில்லை என்பதில் எனக்கே ஆச்சரியம்.

வாய்க்குள் பார்த்தேன், துண்டு கண்ணில் படவில்லை. மறுபடி குப்புறப் போட்டு அடித்தேன். இரண்டாவது அடியில் எச்சிலோடு துண்டு பாயில் விழுந்தது. ஒரு நொடி கழித்து அழுதாள். பெரிய அழுகை.

கேமராப் பதிவின்படி ஆயா கூச்சல் போட்டதிலிருந்து துண்டு விழும்வரை 48 நொடி. நடுவில் அவள் நினைவிழந்திருந்தால் தட்டுவதை நிறுத்தி, கெட்டியான தரையில் படுக்கவைத்து, 30 மார்பு அழுத்தம், 2 மூச்சு என்று தொடங்கியிருப்பேன். அந்த நிலை வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உதவிக்கு வந்த இன்னொரு ஆயா வாய்க்குள் விரலை விடப் போனார். நான் கையைத் தட்டிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். அப்புறம் அவர் தண்ணீர் எடுக்க ஓடினார். அதுவும் கூடாது. நானும் வயிற்றை அழுத்தவில்லை. அது ஒரு வயதுக்கு மேல்தான், கைக்குழந்தையின் கல்லீரல் காயப்படும். அந்த ஆயா வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, பயிற்சி இன்னும் கொடுக்கவில்லை. அது எங்கள் தவறு, அவருடையது அல்ல.

108ஐக் காவலாளி அழைத்தார். துண்டு வெளியே வந்த பிறகும் வண்டியை வேண்டாமென்று சொல்லவில்லை.

பெற்றோருக்குச் சொன்னது

துண்டு விழுந்து மூன்று நிமிடத்தில், 10:49க்கு, அம்மாவை அழைத்தேன். அவர் இதே கட்டடத்தில் நான்காவது மாடியில் வேலை செய்கிறார், 11 மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வருவார். அதற்குள் வாசலில் காவலாளி வாயிலாகக் கேள்விப்பட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். முதல் அழைப்பை அவர் எடுக்கவில்லை, கூட்டத்தில் இருந்தார். உடனே மறுபடி அடித்தேன்.

நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, பாப்பா இப்ப நல்லா மூச்சு விடறா, என் மடியிலதான் இருக்கா. கொஞ்ச நேரம் முன்னாடி தொண்டையில ஆப்பிள் துண்டு சிக்கிடுச்சு. முதுகுல அடிச்சு எடுத்துட்டோம். 108 வருது. நீங்க கீழ வாங்க, லிஃப்ட்லயே வாங்க, படியில ஓடாதீங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அழுவறாளா?" என்றார். போனைப் பாப்பாவின் பக்கம் நீட்டினேன்.

அப்பா ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்கிறார். அம்மாவே சொல்லட்டும் என்று விட்டுவிடாமல் 10:55க்கு நானே அழைத்தேன். "ஆப்பிள் யார் கொடுத்தது?" என்று கேட்டார். "யாரும் கொடுக்கலைங்க. வேற குழந்தையோட டப்பாவுலேர்ந்து விழுந்தது. கதவுக்குக் கொண்டி போடலை, எங்க கவனக்குறைவு" என்றேன். அந்தப் பையன் யார் என்று கேட்டார், சொல்லவில்லை. அவனுடைய பெற்றோரிடம் நடந்ததைத் தனியாகச் சொல்லிவிட்டேன், அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் சேர்த்து.

கீழே வந்த அம்மாவிடம் துண்டை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் காட்டினேன். "இதுவா?" என்று மட்டும் கேட்டார். கேமராப் பதிவைப் பார்க்க விரும்புகிறீர்களா என்றேன், இன்றைக்கு வேண்டாம் என்றார். எப்போது கேட்டாலும் காட்டப்படும்.

மருத்துவம்

11:03க்கு ஆம்புலன்ஸ் வந்தது. அம்மாவோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். குழந்தை மருத்துவர் நெஞ்சைக் கேட்டார், இருபுறமும் காற்று சீராகப் போகிறது. மார்பு அழுத்தியதால் காயம் இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. இரண்டு மணி நேரம் கவனித்துவிட்டு அனுப்பினார்கள். துணுக்கு ஏதாவது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் எக்ஸ்ரேயில் ஆப்பிள் தெரியாமலும் போகலாம் என்பதால், அடுத்த சில நாளில் விடாத இருமல், இளைப்புச் சத்தம், காய்ச்சல், பால் குடிக்கத் திணறல் இருந்தால் உடனே வரச் சொன்னார்.

இன்றே மாற்றியவை

குட்டைக் கதவுக்குத் தானாக விழும் கொண்டி மாட்டியாயிற்று. தின்பண்ட மேசை சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டது. வேகவைக்காத ஆப்பிள், வேகவைக்காத கேரட், முழுத் திராட்சை, நிலக்கடலை, பாப்கார்ன் ஆகியவற்றை டப்பாவில் அனுப்ப வேண்டாம் என்று எல்லாப் பெற்றோருக்கும் தகவல் போயிருக்கிறது. புதிய ஆயா பயிற்சி முடியும்வரை தவழும் அறையில் தனியாக இருக்க மாட்டார்.

பின்சேர்க்கை, மாலை 6:20

பெற்றோர் இருவரும் படித்துக் கையெழுத்திட்டார்கள். அப்பா ஒரு திருத்தம் கேட்டார். முதல் பிரதியில் "சிறிய துண்டு" என்று எழுதியிருந்தேன். அளவுகோல் வாங்கி அவரே அளந்தார். நீளம் 2 சென்டிமீட்டர், அகலம் 1.5. "சிறிய" என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.